அவரவர் கொட்டேஷன் அவரவருக்கு மட்டும்

கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு விற்கும் ஒரு மொத்த வியாபார நிறுவனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொள்ளாச்சிப் பக்கத்தை ஒரு விற்பனையாளர் பார்க்கிறார், திருப்பூர்ப் பக்கத்தை இன்னொருவர். இருவருக்கும் மேலே ஒரு விற்பனை மேலாளர். இந்த மாதம் மொத்தம் 40 கொட்டேஷன் போயிருக்கிறது. பொள்ளாச்சிக்காரர் பெயரில் 14, திருப்பூர்க்காரர் பெயரில் 15, மேலாளரே நேரடியாகப் போட்டது 5. மீதி 6 யார் பெயரிலும் இல்லை. அவை பழைய எக்செல் கோப்பிலிருந்து ஏற்றியவை. ஏற்றும்போது விற்பனையாளர் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார்கள்.

ஒரே பம்புக்கு ஒருவர் எட்டு சதவீதம் தள்ளுபடி எழுதியிருப்பார், இன்னொருவர் பன்னிரண்டு. அது மற்றவர் கண்ணில் பட்டால், அடுத்த வாடிக்கையாளரிடம் பேரம் அந்த எண்ணிலிருந்தே தொடங்கும். கமிஷன் வாங்கும் விற்பனையாளர்களுக்குள் 'என் பார்ட்டியை நீ ஏன் தொட்டாய்' என்ற சண்டையும் வரும். அதனால் முதலாளி கேட்பது சின்ன விஷயம்தான்: அவரவர் போட்ட கொட்டேஷனை அவரவர் மட்டும் பார்க்க வேண்டும், மேலாளர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நிறுவனம் ஓடூ மென்பொருளில் இயங்குகிறது. பெல்ஜியத்தில் 2005-ல் டைனி ஈஆர்பி என்ற பெயரில் தொடங்கி, பிறகு ஓப்பன் ஈஆர்பி ஆகி, 2014-ல் ஓடூ என்று பெயர் மாறிய மென்பொருள் அது. முதலாளி கேட்ட இந்த வசதி அதில் தயாராகவே இருக்கிறது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் கை வைத்தால், பூட்டிவிட்டோம் என்று நினைத்த கதவு திறந்தே கிடக்கும்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஓடூவில் கொட்டேஷன் பட்டியலைத் திறந்தவுடன் மேலே தேடல் கட்டத்தில் `My Quotations` என்று ஒரு சின்னப் பட்டை ஒட்டியிருக்கும். அதனால் அவரவர் கொட்டேஷன் மட்டுமே பட்டியலில் தெரியும். பல அலுவலகங்களில் இதைப் பார்த்துவிட்டு, பாதுகாப்பு இருக்கிறது என்று நிம்மதியாகி விடுகிறார்கள். அது வெறும் வடிகட்டி. பக்கத்திலுள்ள பெருக்கல் குறியை ஒரு தட்டு தட்டினால் போய்விடும். பார்க்கும் வசதிக்காக வைத்தது அது, தடுப்பதற்காக வைத்ததல்ல. உண்மையான தடுப்பு சர்வர் பக்கம் இருக்கிறது, அதுவும் இரண்டு அடுக்காக.

முதல் அடுக்கு, `Access Rights` எனப்படும் அனுமதிகள். எந்தக் குழுவில் இருப்பவர் எந்த வகை ஆவணத்தைப் படிக்கலாம், திருத்தலாம், புதிதாக உருவாக்கலாம், அழிக்கலாம் என்பதை அது சொல்லும். அதற்கு ஆவணத்தின் வகை மட்டும்தான் தெரியும். எந்த ஆவணம் யாருடையது என்று தெரியாது. இரண்டாவது அடுக்கு, `Record Rules` எனப்படும் பதிவு விதிகள். அந்த வகையிலுள்ள ஆவணங்களில் எந்தெந்த வரிசைகள் இவர் கண்ணில் படலாம் என்று பிரிப்பது இதன் வேலை. இரண்டுக்கும் சுபாவம் நேர் எதிர். முதல் அடுக்கில் எதுவும் எழுதாமல் விட்டால் ஒருவருக்கும் அனுமதி கிடையாது. இரண்டாவது அடுக்கில் எதுவும் எழுதாமல் விட்டால் எல்லாமே தெரியும். குழப்பங்களில் பாதி இந்த ஒரு வேறுபாட்டை மறப்பதால் வருபவை.

மேலாளர் அன்றாடம் செய்ய வேண்டியது அதிகமில்லை. `Settings` போய், `Users` பட்டியலில் பொள்ளாச்சிக்காரரின் பக்கத்தைத் திறந்தால், `Sales` என்ற இடத்தில் மூன்று தெரிவுகள் இருக்கும். `User: Own Documents Only` என்றால் தன்னுடையது மட்டும். `User: All Documents` என்றால் எல்லாருடையதும். `Administrator` என்றால் எல்லாமும், கூடவே விற்பனை அமைப்புகளை மாற்றும் அதிகாரமும். இரண்டு விற்பனையாளர்களுக்கும் முதலாவதைத் தேர்ந்தெடுத்து, மேலாளருக்கு மூன்றாவதைக் கொடுத்துச் சேமித்தால் பெரும்பாலான வேலை முடிந்தது.

இப்போது பொள்ளாச்சிக்காரர் உள்ளே வந்து அந்த வடிகட்டியை நீக்கிப் பார்த்தால் எத்தனை கொட்டேஷன் தெரியும்? 14 என்று எதிர்பார்ப்போம். தெரிவது 20.

கூடுதலாக வந்த 6, யார் பெயரிலும் இல்லாத அந்த ஆறு. இது கோளாறு அல்ல. ஓடூ வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. `Settings` பக்கத்தின் அடியில் டெவலப்பர் மோடை இயக்கினால் `Technical` என்ற மெனு முளைக்கும். அதற்குள் `Record Rules` பட்டியலில் `sale.order` என்று தேடினால் `Personal Orders` என்ற விதி கிடைக்கும். அதன் நிபந்தனை இதுதான்:

```
['|', ('user_id', '=', user.id), ('user_id', '=', False)]
```

முதலில் நிற்கும் செங்குத்துக் கோடு 'இது அல்லது அது' என்பதைக் குறிக்கிறது. அந்தக் குறி முன்னால் வரும். அது இணைக்கும் இரண்டும் பின்னால் வரும். `user_id` என்பது கொட்டேஷனில் எழுதப்பட்ட விற்பனையாளர். `user.id` என்பது இப்போது உள்ளே வந்திருக்கும் ஆள். ஆக, விற்பனையாளர் நானாக இருந்தால் காட்டு, அல்லது விற்பனையாளர் கட்டம் காலியாக இருந்தால் காட்டு என்பது இதன் பொருள். யாரும் எடுத்துக்கொள்ளாத கொட்டேஷன் யாராவது ஒருவர் கண்ணில் பட வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். நம் நிறுவனத்துக்கு அது ஒத்துவரவில்லை. பழைய கோப்பிலிருந்து வந்த ஆறிலும் பெரிய வாடிக்கையாளர்களின் விலை இருக்கிறது.

கணினி பார்க்கும் ஊழியர் இந்த இடத்தில் வழக்கமாக ஒரு காரியம் செய்வார். இருக்கும் விதியைத் தொட வேண்டாம் என்று, பக்கத்திலேயே இன்னொரு விதி எழுதுவார். 'தன் பெயரில் உள்ளது மட்டும்' என்று கறாராக நிபந்தனை வைத்து, அதையும் `User: Own Documents Only` குழுவுக்கே கொடுப்பார். பொள்ளாச்சிக்காரரைத் திரும்பப் பார்க்கச் சொன்னால் அதே 20.

காரணம், ஓடூ விதிகளைக் கூட்டும் முறை. ஒரு குழுவுக்கென்று எழுதிய விதிகள் பல இருந்தால், அவற்றில் ஏதாவது ஒன்று 'சரி' என்றாலே போதும், ஆவணம் தெரிந்துவிடும். புதிய கறாரான விதி அந்த ஆறு கொட்டேஷன்களை மறுக்கிறது, பழைய விதி ஏற்கிறது, ஏற்றதுதான் செல்லும். குழு விதியைச் சேர்ப்பது, ஏற்கனவே குழு விதியின் கீழ் இருப்பவருக்குப் பார்வையை விரிக்கலாம் அல்லது அப்படியே விடலாம். குறைக்க முடியாது.

விதி படிவத்திலேயே `Interaction between rules` என்ற தலைப்பில் இது விளக்கப்பட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு ஊழியர் அடுத்த முடிவுக்கு வருவார். எந்தக் குழுவையும் குறிப்பிடாமல் எழுதும் விதி பொது விதி. பொது விதிகள் எல்லாமே 'சரி' சொன்னால்தான் ஆவணம் தெரியும். குழு விதி என்ன சொன்னாலும் பொது விதியைத் தாண்ட முடியாது. அப்படியானால் தன் கறாரான விதியிலிருந்து குழுவை நீக்கிவிட்டால் தீர்ந்ததே என்று நினைத்து நீக்குவார். பொள்ளாச்சிக்காரருக்கு இப்போது 14 தெரியும். திருப்பூர்க்காரருக்கு 15. ஊழியருக்கு மகிழ்ச்சி. பத்து நிமிடத்தில் மேலாளரிடமிருந்து போன் வரும்: 'என்னப்பா, என் ஸ்க்ரீன்ல அஞ்சு கொட்டேஷன்தான் இருக்கு, மத்ததெல்லாம் எங்கே?' பொது விதி மேலாளரையும் சேர்த்தே கட்டிப்போட்டுவிட்டது. நிறுவனம் முழுக்கப் பொருந்த வேண்டிய நிபந்தனைக்குத்தான் பொது விதி. ஒரே ஓடூவில் இரண்டு கம்பெனிகள் நடத்துபவர்களுக்கு, ஒன்றின் கணக்கு மற்றதில் தெரியாமல் பிரிக்கும் விதி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

சரியான வழி எளிமையானது. `Personal Orders` விதியின் `Active` குறியை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகப் புதிய விதி ஒன்றை அதே குழுவுக்கு எழுத வேண்டும்:

```
[('user_id', '=', user.id)]
```

பழைய விதியை அழிக்கக் கூடாது. மென்பொருளுடன் வந்த விதியை அழித்தால், தொகுதியை மறுபடி ஏற்றும்போது அது திரும்ப முளைக்கக்கூடும் என்று ஓடூவே எச்சரிக்கிறது. செயலிழக்க வைத்தால் அது அங்கேயே படுத்திருக்கும். பிறகு என்ன செய்தோம் என்பதற்குச் சாட்சியாகவும் இருக்கும். இப்போது பொள்ளாச்சிக்காரருக்கு 14. மேலாளருக்கு 40.

மேலாளருக்கு 40 தெரிவதற்கும் காரணம் உண்டு. ஓடூவில் மேல் குழு கீழ்க் குழுவை உள்ளடக்கியது. மேலாளர் `Administrator` என்றாலும், உள்ளுக்குள் `User: Own Documents Only` குழுவிலும் அவர் உறுப்பினர்தான். தன்னுடையது மட்டும் என்ற விதி அவருக்கும் பொருந்தும். ஆனால் `User: All Documents` குழுவுக்கு `All Orders` என்று இன்னொரு விதி இருக்கிறது. அதன் நிபந்தனை `[(1, '=', 1)]`. ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமம் என்பதால் அந்த விதி எல்லா ஆவணத்துக்கும் 'சரி' சொல்கிறது. இரண்டில் ஒன்று ஏற்றால் போதுமே, அதனால் எல்லாம் தெரிகிறது. 'எதையும் செய்யாத விதிதானே' என்று யாராவது அதை நீக்கினால், மேலாளர்கள் அத்தனை பேரும் ஒரே நொடியில் சாதாரண விற்பனையாளர் ஆகிவிடுவார்கள்.

காலியாக விட்ட ஆறு கொட்டேஷன்கள் இப்போது மேலாளர் கண்ணில் மட்டுமே படும். எனவே அவற்றை ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பும் அவருடையது. இணையக் கடை வழியாகப் பெயரில்லாமல் ஆர்டர்கள் வரும் நிறுவனமென்றால், தினமும் ஒருவர் அந்தக் காலிக் கட்டங்களைப் பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் காத்துக்கொண்டிருப்பார், அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. வேலையை விட்டுப் போனவரின் கொட்டேஷன்களும் இதே கதைதான். அவருடைய கணக்கை மூடினாலும் கொட்டேஷனில் அவர் பெயர் அப்படியே இருக்கும். மேலாளர் வேறு பெயருக்கு மாற்றும்வரை மற்ற விற்பனையாளர்களுக்கு அது கண்ணில் படாது.

நிறுவனம் வளர்ந்து, இரண்டு விற்பனையாளர்களுக்கும் ஒரு குழுத் தலைவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தன் குழுவின் 29 கொட்டேஷன்களையும் பார்க்க வேண்டும். மேலாளர் நேரடியாகப் போட்ட 5-ஐப் பார்க்க வேண்டியதில்லை. ஓடூவில் இதற்குத் தயாரான தெரிவு கிடையாது. ஆனால் குழு விதிகள் விரிக்கும் தன்மை கொண்டவை என்பது இங்கே நமக்குச் சாதகம். புதிய பயனர் குழு ஒன்றை உருவாக்கி, அது `User: Own Documents Only` குழுவை உள்ளடக்குமாறு செய்ய வேண்டும். பிறகு அந்தக் குழுவுக்கு மட்டும் இந்த விதி:

```
[('team_id.user_id', '=', user.id)]
```

`team_id` என்பது கொட்டேஷன் சேர்ந்த விற்பனை அணி. அதன் `user_id` அந்த அணியின் தலைவர். என் தலைமையில் உள்ள அணியின் கொட்டேஷன்களைக் காட்டு என்கிறது விதி. நாளை தலைவர் மாறினால் அணியின் பக்கத்தில் பெயரை மாற்றி, புதியவரை அந்தப் பயனர் குழுவில் சேர்த்தால் போதும். விதியைத் தொட வேண்டியதில்லை.

இத்துடன் நின்றுவிட்டால் தலைவரால் கொட்டேஷனின் தலைப்பைத்தான் பார்க்க முடியும். உள்ளே என்ன பம்பு, எத்தனை, என்ன விலை என்ற வரிகள் `sale.order.line` என்ற தனி இடத்தில் இருக்கின்றன. அதற்கெனத் தனி விதி உண்டு. அறிக்கைப் பக்கம் படிக்கும் `sale.report` என்பதற்கும் தனி விதி உண்டு. தலைப்புக்கு எழுதியதை இந்த இரண்டுக்கும் எழுத வேண்டும். வரிகளுக்கு நிபந்தனை `('order_id.team_id.user_id', '=', user.id)` என்று ஒரு படி சுற்றிப் போகும். முன்பு `Personal Orders` விதியை இறுக்கியபோதும் இதே கவனம் தேவை. தலைப்பை மட்டும் பூட்டி, வரியையும் அறிக்கையையும் பழைய விதியிலேயே விட்டால், பொள்ளாச்சிக்காரர் விற்பனை அறிக்கையைத் திறந்து அந்த ஆறு கொட்டேஷன்களின் தொகையைக் கூட்டிப் பார்த்துவிடலாம்.

கொட்டேஷனும் ஆர்டரும் ஒன்றே என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டு உறுதி செய்தவுடன், அதே ஆவணத்தின் நிலை மட்டும் மாறுகிறது. புதிய ஆவணம் எதுவும் பிறப்பதில்லை. எனவே கொட்டேஷனுக்கு வைத்த விதி உறுதியான ஆர்டருக்கும் தானாகப் பொருந்தும். கொட்டேஷன் மட்டும் மறைய வேண்டும், ஆர்டர் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்றால் நிபந்தனையில் `state` என்ற கட்டத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

எல்லாம் சரியாக வைத்த பிறகு, திருப்பூர்க்காரர் ஒரு நாள் புகாரோடு வருவார்: புதிய கொட்டேஷன் போட்டுச் சேமித்தால் அனுமதி இல்லை என்று செய்தி வருகிறது. சொந்த கொட்டேஷனையே சேமிக்க முடியாதா என்று எல்லாரும் திகைப்பார்கள். பதில் வாடிக்கையாளரின் பக்கத்தில் இருக்கும். ஓடூவில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு விற்பனையாளரைக் குறித்து வைக்கலாம். கொட்டேஷனில் அந்த வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுத்தவுடன், விற்பனையாளர் கட்டத்தில் அவருக்குக் குறித்து வைத்த பெயர் தானாக ஏறிவிடும். அந்தக் கட்டம் `Other Info` என்ற பின்பக்கத்தில் இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. திருப்பூர்க்காரர் தேர்ந்தெடுத்தது பொள்ளாச்சிக்காரரின் வாடிக்கையாளரை. ஆக, அவர் உருவாக்க முயன்றது இன்னொருவர் பெயரில் ஒரு கொட்டேஷன். விதி தன் வேலையைச் சரியாகச் செய்து மறுத்துவிட்டது. இப்படிப்பட்ட செய்தி வரும்போது டெவலப்பர் மோட் இயங்கிக்கொண்டிருந்தால், எந்த விதி தடுத்தது என்று அதன் பெயரையும் ஓடூ சொல்லிவிடும். தேடும் நேரம் மிச்சம்.

இந்த விதிகளால் மறையாதவையும் சில உண்டு. முதலாவது வாடிக்கையாளர் பட்டியல். கொட்டேஷன்களைப் பிரித்தாலும், தொடர்புகளை விற்பனையாளர்வாரியாகப் பிரிக்கும் விதி ஓடூவுடன் வருவதில்லை. பொள்ளாச்சிக்காரரின் வாடிக்கையாளர் பெயரும் தொலைபேசி எண்ணும் திருப்பூர்க்காரருக்குத் தெரியும். அதையும் மறைக்க வேண்டுமென்றால் தனியாக விதி எழுத வேண்டும். அப்போது சப்ளையர்கள், சக ஊழியர்கள் எல்லாரும் அதே தொடர்புப் பட்டியலில்தான் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்து எழுத வேண்டும். கறாராகப் பூட்டினால் எதிர்பாராத பக்கங்களெல்லாம் திறக்க மறுக்கும்.

இரண்டாவது, வாடிக்கையாளருக்கு அனுப்பும் இணைப்பு. கொட்டேஷனை மின்னஞ்சலில் அனுப்பும்போது அதைத் திறந்து பார்க்கும் இணைப்பில் ஒரு நீண்ட ரகசியச் சாவி இருக்கும். அந்த இணைப்பு யார் கையில் கிடைத்தாலும் திறக்கும். அங்கே பதிவு விதி குறுக்கே வராது. மூன்றாவது, விற்பனைக் குழுவில் இல்லாதவர்கள். கணக்குப் பிரிவு போன்ற வேறொரு குழு வழியாக ஒருவருக்கு ஆர்டர்களைப் படிக்கும் அனுமதி கிடைத்திருக்கலாம். `Personal Orders` விதி விற்பனைக் குழுவுக்கு எழுதியது. அந்தக் குழுவில் இல்லாதவரை அது கட்டுப்படுத்தாது. அவரைக் கட்டும் வேறு குழு விதி இல்லாவிட்டால், பொது விதிகளுக்கு உட்பட்டு எல்லா ஆர்டரும் அவருக்குத் தெரியும். அவரையே விற்பனைக் குழுவில் சேர்த்தால் பார்வை சுருங்கிவிடும். கூடுதல் பொறுப்பு கொடுத்தோம், பழைய ஆர்டரெல்லாம் காணோமே என்று ஒருவர் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சோதனையை அந்தந்த விற்பனையாளராகவே உள்ளே வந்துதான் செய்ய வேண்டும். டெவலப்பர் மோடில் கிடைக்கும் `Become Superuser` நிலையில் பதிவு விதிகள் எதுவும் பொருந்தாது. அந்த நிலையில் பார்த்தால் விதி தவறாக இருந்தாலும் தெரியாது. உலாவியில் தனிச் சாளரம் திறந்து, பொள்ளாச்சிக்காரரின் கணக்கில் நுழைந்து, `My Quotations` வடிகட்டியை நீக்கி, பட்டியலின் மூலையிலுள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். நம் கணக்குப்படி அது 14. பிறகு மேலாளர் திரையிலிருந்து திருப்பூர்க் கொட்டேஷன் ஒன்றின் முகவரியை எடுத்து இந்தச் சாளரத்தில் ஒட்டிப் பார்க்க வேண்டும். பட்டியலில் ஆவணம் சத்தமில்லாமல் மறைந்திருக்கும். நேரடி முகவரியில் அனுமதி மறுப்புச் செய்தி வர வேண்டும். மூன்றாவதாக விற்பனை அறிக்கையைத் திறந்து, அங்குள்ள வடிகட்டிகளையும் நீக்கி, மொத்தத் தொகை அந்த 14 கொட்டேஷன்களுக்கு உரியதுதானா என்று சரிபார்க்க வேண்டும். திருப்பூர்க்காரர், குழுத் தலைவர், மேலாளர் கணக்குகளிலும் இதே மூன்றையும் செய்ய வேண்டும். பதிப்பு மாற்றும்போதும், விற்பனையைத் தொடும் புதிய தொகுதி எதையாவது நிறுவும்போதும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்வது அவசியம். புதிதாக வரும் தொகுதி தனக்கென்று ஒரு குழு விதியைக் கொண்டுவரலாம், அதனால் 14 மறுபடியும் 20 ஆகலாம்.